விற்கவில்லையா, விற்கச் சரக்கில்லையா?

மாதக் கடைசியில் மருந்துக்கடைக் கணினியில் பொருள்வாரி விற்பனைப் பட்டியல் எடுப்பார்கள். எந்த மாத்திரை எத்தனை அட்டை போனது என்ற கணக்கு அதில் இருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் பிராண்டு. பிப்ரவரியில் 180 அட்டை, மார்ச்சில் 180 அட்டை, ஏப்ரலில் 90 அட்டை. கணக்குப் புரியவேண்டும் என்பதற்காக எண்களை உருட்டித் திரட்டி வைத்திருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி வரி இல்லாத மருந்துக்கடைப் பட்டியல் அபூர்வம்.

இதைப் பார்க்கும் யாருக்கும் சட்டென்று தோன்றுவது, "இந்த ஐட்டம் மூவிங் குறைஞ்சிடுச்சு" என்பதுதான். பாதிக்குப் பாதி விழுந்திருக்கிறதே! அடுத்த முறை ஸ்டாக்கிஸ்ட் ஆள் ஆர்டர் எடுக்க வரும்போது, "இது கொஞ்சமா போடுங்க தம்பி" என்று சொல்லிவிடுவார்கள்.

நடந்தது வேறு. ஸ்டாக்கிஸ்டிடமே சரக்கு தட்டுப்பாடாக இருந்ததால், ஏப்ரல் 1ஆம் தேதி கடைக்கு வந்தது 90 அட்டைதான். பத்தாம் தேதி இரவு கடைசி அட்டையும் போய்விட்டது. மீதி இருபது நாளும் அந்தப் பெட்டி காலி. அந்த இருபது நாளில் ஊரில் யாருக்கும் சர்க்கரை நோய் குணமாகிவிடவில்லை. வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள்.

"அண்ணே, அப்பாவோட சுகர் மாத்திரை நாலு அட்டை."

"இல்லம்மா, தீர்ந்துடுச்சு. நாளைக்கு வந்துடும்."

"நாளைக்கும் இப்படித்தான் சொல்வீங்க. சரி, பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்துக்கறேன்."

இந்த உரையாடல் எந்தப் பில்லிலும் ஏறாது. பில் போடும் மென்பொருளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சரக்கு கைமாறினால் ஒரு வரி எழுது. கைமாறாமல் திரும்பிப் போனவருக்கு அதில் வரி கிடையாது. ஆகவே "யாருமே வரவில்லை" என்பதும், "நாற்பது பேர் வந்தும் கொடுக்கச் சரக்கில்லை" என்பதும் அந்தக் கணக்கில் ஒரே பூஜ்யமாகத்தான் பதிவாகும்.

விற்பனை என்று நாம் எழுதிவைப்பது எப்போதுமே இரண்டில் சிறியது. மக்கள் கேட்ட அளவு ஒன்று, கடையில் இருந்த அளவு ஒன்று. கேட்டது 50, இருந்தது 200 என்றால் விற்பனை 50. அது தேவையைச் சரியாகச் சொல்லும் எண். கேட்டது 180, இருந்தது 90 என்றால் விற்பனை 90. இங்கே அந்த எண் சொல்வது தேவையை அல்ல, இருப்பை. லாரித் தண்ணீர் வீட்டுக்கு இரண்டு குடம் என்று ஊற்றிவிட்டுப் போன தெருவில், இந்தத் தெருவின் தண்ணீர்த் தேவை வீட்டுக்கு இரண்டு குடம் என்று யாராவது எழுதிவைத்தால் சிரிப்போம். மருந்துக்கடையில், துணிக்கடையில், உதிரிபாகக் கடையில் அதையே கணினி எழுதினால் நம்பிவிடுகிறோம்.

சரி, ஏப்ரலில் உண்மையான தேவை எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. பத்து நாளில் 90 போயிருக்கிறது, நாளுக்கு 9. முப்பது நாளுக்கு 270. ஆகா, தேவை குறையவில்லை, ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது! இப்படிக் கணக்குப் போட்டு 270 அட்டை வாங்கி அடுக்கினால், மாதக் கடைசியில் 90 அட்டை அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

ஏன்? மாதம் முழுக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சம்பளம் வந்ததும், பென்ஷன் வந்ததும் வாங்கிவைப்பது நம் வழக்கம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு மாத்திரைகளுக்கு மாதத்தின் முதல் பத்து நாள்தான் சூடான நாட்கள். சரக்கு முழுவதும் இருந்த ஜனவரி மாதத்தின் நாள்வாரி விற்பனையை எடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முதல் பத்து நாளில் 90, அடுத்த பத்து நாளில் 50, கடைசியில் 40, மொத்தம் 180 என்று அதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மாத விற்பனையில் பாதி முதல் பத்து நாளிலேயே முடிந்துவிடுகிறது. இப்போது ஏப்ரலைப் பாருங்கள். சரக்கு இருந்ததும் அதே முதல் பத்து நாள், விற்றதும் அதே 90. அது பாதி என்றால் முழு மாதத் தேவை 180. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஒரே பொருள், ஒரே மாதம். பட்டியல் சொன்னது 90, அவசரத் திருத்தம் சொன்னது 270, உண்மைக்கு அருகில் இருப்பது 180. சரக்கு இல்லாத நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் மட்டும் போதாது, சரக்கு இருந்த நாட்கள் எப்படிப்பட்ட நாட்கள் என்றும் பார்க்கவேண்டும். இன்னொரு சின்னச் சிக்கலும் இருக்கிறது. பல நாள் காலியாக இருந்து சரக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள், காத்திருந்தவர்களும் சேர்ந்து வாங்குவார்கள். அந்த நாட்களின் விற்பனையைச் சாதாரண நாளின் அளவாக எடுக்கக்கூடாது. சரக்கு தீர்ந்த நாளும் அப்படியே. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தீர்ந்திருந்தால் அது அரை நாள் கணக்கு. கடைசிப் பில்லின் நேரத்தைப் பார்த்தாலே தெரியும்.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் கவலை தரும் பகுதி. பல கடைகளில் ஆர்டர் போடும் விதி இதுதான்: கடந்த மூன்று மாத விற்பனையின் சராசரி எவ்வளவோ அவ்வளவு வாங்கு. கேட்க நியாயமான விதி. நம் கடையில் அதை ஓட்டிப் பார்ப்போம். பிப்ரவரி 180, மார்ச் 180, ஏப்ரல் 90. சராசரி 150. மே மாதத்துக்கு 150 வாங்குகிறார்கள். தேவை 180 என்பதால் அது மூன்றாம் வாரத்துக்குப் பின் தீர்ந்துவிடுகிறது, விற்பனை 150. ஜூனுக்கு மார்ச், ஏப்ரல், மே சராசரி: 140. அதுவும் தீர்கிறது. ஜூலைக்கு ஏப்ரல், மே, ஜூன் சராசரி: 127. ஆகஸ்டுக்கு 139. இப்படிச் சற்று ஆடி ஆடிக் கடைசியில் 135இல் போய் நின்றுவிடும்.

ஏப்ரல் மாதத் தட்டுப்பாடு மே மாதமே தீர்ந்துவிட்டது. ஸ்டாக்கிஸ்டிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சரக்கு இருக்கிறது. ஆனாலும் கடை 180க்குத் திரும்பவே திரும்பாது. ஒரு மாதத் தட்டுப்பாடு, தேவையில் கால் பங்கை நிரந்தரமாக வெட்டிவிட்டது. காரணம் நேரடியானது. வாங்கியதற்கு மேல் விற்கமுடியாது, விற்றதற்கு மேல் வாங்கமாட்டோம் என்று இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டாகிவிட்டது. சராசரி கீழே இறங்க வழி இருக்கிறது, மேலே ஏற வழியில்லை. அடுத்த வருஷம் இன்னொரு மாதம் தட்டுப்பாடு வந்தால் 135லிருந்து இன்னும் ஒரு படி இறங்கும். கடைசியில் ஒருநாள் "இது போகாத ஐட்டம்" என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். கணக்குப் பார்த்துத்தான் எடுத்தோம் என்றும் சொல்வார்கள்.

திரும்பிப் போனவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் அவர்கள் வேறு எண்களையும் கெடுத்துவிட்டுப் போகிறார்கள். சோப்பு, பேஸ்ட், டயப்பர் போன்ற அன்றாடச் சரக்குகளைப் பற்றி தாமஸ் குரூன், டேனியல் கோர்ஸ்டன், சுந்தர் பரத்வாஜ் ஆகிய மூவர் 2002இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கேட்டது கிடைக்காதபோது 31 சதவீதம் பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். 26 சதவீதம் பேர் வேறு பிராண்டு வாங்குகிறார்கள். 19 சதவீதம் பேர் அதே பிராண்டில் வேறு அளவோ வேறு வகையோ எடுத்துக்கொள்கிறார்கள். 15 சதவீதம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். 9 சதவீதம் பேர் வாங்காமலே விடுகிறார்கள். ஆக, கிட்டத்தட்டப் பாதிப்பேர் அதே கடையில் பக்கத்துப் பெட்டியிலிருந்து எதையோ எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பெட்டியின் விற்பனை வீங்குகிறது. இல்லாத பொருளின் தேவை குறைந்ததாகவும், இருந்த பொருளின் தேவை கூடியதாகவும் பட்டியல் காட்டும். மருந்தில் டாக்டர் எழுதிய பிராண்டை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல என்பதால், அங்கே வேறு கடைக்குப் போவதுதான் கூடுதலாக நடக்கும்.

இதுவரை சொன்னதில் ஒரு வசதி இருந்தது. சரக்கு பூஜ்யம் என்று கணினிக்காவது தெரிந்திருந்தது. அதுவும் தெரியாத நிலை ஒன்று உண்டு. கணினியில் 6 அட்டை இருப்பு என்று காட்டும், கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு அட்டை காலாவதியாகித் தனியே ஒதுக்கப்பட்டிருக்கும், ஒன்று வேறு பெயரில் பில் ஆகியிருக்கும், மீதி பக்கத்துப் பெட்டியில் கலந்திருக்கும். அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில், ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சரிபார்த்து 2008இல் வெளியிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் கையிருப்போடு ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்ட பேய் இருப்பைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தொடர்ந்து போய்க்கொண்டிருந்த பொருள் திடீரென்று நின்றதைக் கவனிப்பது. நாளுக்கு ஆறு அட்டை போகும் பொருள், இருப்பு இருப்பதாகக் காட்டியும் மூன்று நாள் ஒன்றுகூடப் போகவில்லை என்றால், தேவையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரச்சினை இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே ஒரு வருஷத் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு டெண்டர் விட்டு வாங்கவேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கொள்முதலுக்காக 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் என்று அது உருவாக்கிய முறையைப் பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின. இத்தகைய பொதுக் கொள்முதலில், கடந்தகாலப் பயன்பாட்டை வைத்துத் தேவையைக் கணக்கிடும்போது, சரக்கு இல்லாத நாட்களுக்குத் திருத்தம் போடவேண்டும் என்பது உலகெங்கும் பொதுச் சுகாதார மருந்துக் கையேடுகளில் உள்ள விதி. அதன் வடிவம் இது:

திருத்திய மாதப் பயன்பாடு = மொத்தப் பயன்பாடு ÷ (மாதங்கள் − இல்லாத நாட்கள் ÷ 30.5)

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதத்தில் 12,000 மாத்திரை செலவானது, அதில் 61 நாள் சரக்கு இல்லை என்று வைத்துக்கொண்டால், 61 நாள் என்பது இரண்டு மாதம். ஆறில் இரண்டு போக நான்கு. 12,000ஐ நான்கால் வகுத்தால் மாதம் 3,000. திருத்தாமல் ஆறால் வகுத்தால் 2,000தான் வரும். அடுத்த வருஷ இன்டென்டை 2,000 வீதம் எழுதி அனுப்பினால், அந்த வருஷம் முழுக்க மூன்றில் ஒரு பங்கு மாத்திரை குறையும்.

இந்தச் சூத்திரத்துக்கும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. கையிருப்பு குறைந்துவருவது தெரிந்ததும், அனுபவமுள்ள மருந்தாளுநர் முப்பது நாள் மாத்திரைக்குப் பதில் பத்து நாளைக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். "இப்போதைக்கு இதை வெச்சுக்கோங்கம்மா, அடுத்த வாரம் வாங்க" என்பார். எல்லாருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைப்பவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பதிவேட்டில் இருப்பு ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடாது. இல்லாத நாள் சுழியம், திருத்தம் சுழியம், பயன்பாடு மட்டும் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். மேலே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு, அந்த நிலையத்தில் மருந்து எப்போதும் இருக்கிறது, நோயாளிகள்தான் குறைவு என்றுதான் தோன்றும். இதைப் பிடிக்கவேண்டுமானால் மொத்த மாத்திரையைப் பார்க்காமல், ஒரு நோயாளிக்கு ஒரு வருகையில் எத்தனை மாத்திரை கொடுக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். மார்ச்சில் ஆளுக்கு 60 இருந்தது, மே மாதம் 20 என்றால், அங்கே பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆர்டர் புத்தகம் ஊதும்போது

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர், "அப்படியானால் பில்லை நம்பவேண்டாம், ஆர்டரை நம்புவோம். கேட்டது எவ்வளவு என்பது ஆர்டரில் இருக்கிறதே" என்று சொல்லலாம். நல்ல கேள்வி. மொத்த வியாபாரத்தில், ஸ்டாக்கிஸ்டிடம், கடைக்காரர் போட்ட ஆர்டர் தனியே பதிவாகிறது, கொடுத்த சரக்கு தனியே பில்லாகிறது. கொடுக்கமுடியாதது நிலுவை ஆர்டராக நிற்கும். ஆனால் தட்டுப்பாடு வந்ததும் அந்த ஆர்டர் புத்தகமும் பொய் சொல்லத் தொடங்கும். இந்த முறை எதிர்த் திசையில்.

ஐம்பது கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் ஒரு ஸ்டாக்கிஸ்டை எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மினின் மாதத் தேவை எல்லாக் கடைக்கும் சேர்த்து 6,000 அட்டை. மே மாதம் கம்பெனி 2,000 அட்டைதான் அனுப்பியது. ஒரு கடைக்காரர் திங்கட்கிழமை 60 அட்டை கேட்கிறார். கிடைக்கவில்லை. புதன்கிழமை மறுபடி 60 கேட்கிறார். வெள்ளிக்கிழமை இன்னொரு 60. அவருக்கு வேண்டியது 60தான், புத்தகத்தில் 180 ஏறிவிட்டது. அதோடு, கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும், 60 வேண்டியவர் 180 என்றே எழுதுகிறார். கூடவே அடுத்த ஊர் ஸ்டாக்கிஸ்டிடமும் ஒரு ஆர்டர் போட்டுவைக்கிறார். அவரைப் பொறுத்தவரை இது ஏமாற்று அல்ல, பிழைப்பு. மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டின் ஆர்டர் புத்தகத்தில் 14,000 அட்டை நிற்கிறது. பில்லில் 2,000. உண்மை 6,000. இரண்டு கணக்குகளும் ஒரே அலுவலகத்தில், ஒரே கணினியில் இருக்கின்றன, இரண்டும் பொய்.

ஜூன் மாதம் சரக்கு தாராளமாக வருகிறது. மே மாத நிலுவையில் பெரும்பகுதியைக் கடைக்காரர்கள் ரத்து செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் எப்படியோ வேறு இடத்தில் வாங்கிச் சமாளித்துவிட்டார்கள். ரத்தாகாத 1,500 அட்டையும் ஜூன் மாதத்துக்கான 6,000மும் சேர்ந்து 7,500 அட்டை பில்லாகிறது. வருஷக் கடைசியில் வரைபடம் போட்டால் மே மாதம் பள்ளம், ஜூன் மாதம் மேடு. பார்ப்பவர் ஒரு காரணமும் கண்டுபிடித்துவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், லீவுக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் மாதம், அதனால் ஜூனில் தேவை கூடும் என்பார். அடுத்த வருஷம் ஜூனுக்கென்று கூடுதலாக வாங்கி அடுக்குவார். அந்த 1,500 அட்டை மே மாதத்தில் கேட்கப்பட்டது என்ற விவரம், கேட்ட தேதியை வைத்திருந்தால்தான் தெரியும். பல மென்பொருட்களில் நிலுவை ஆர்டர் பில்லானதும் பில் தேதிதான் அறிக்கையில் வரும், கேட்ட தேதி வராது.

தட்டுப்பாட்டில் ஆர்டர் ஊதுவதை, ஒன்றுமில்லாத அசைவு சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாவதற்கான நான்கு காரணங்களில் ஒன்றாக ஹாவ் லீ, வி. பத்மநாபன், சங்ஜின் வாங் என்ற மூன்று பேராசிரியர்கள் 1997இல் எழுதினார்கள். நான்கு வருஷம் கழித்து அதற்குப் பெரிய சாட்சி ஒன்று கிடைத்தது. 2000இல் இணைய வணிகம் கொழித்தபோது, சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் கருவிகளுக்குப் பல வாரம் காத்திருக்கவேண்டியிருந்தது. வாங்குபவர்கள் ஒரே தேவைக்குச் சிஸ்கோவிடமும் போட்டி நிறுவனங்களிடமும் ஆர்டர் போட்டார்கள். அந்த ஆர்டர் மலையை உண்மைத் தேவை என்று நம்பிச் சிஸ்கோ உதிரிபாகங்களை வாங்கிக் குவித்தது. சந்தை சரிந்ததும் ஆர்டர்கள் கரைந்தன. 2001இல் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை அந்த நிறுவனம் நஷ்டமாக எழுதித் தள்ளியது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ரெம்டெசிவிர் ஊசி மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் நின்ற வரிசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரு நோயாளிக்காக அண்ணன் இங்கே நிற்பார், மைத்துனர் வேறு ஊரில் விசாரிப்பார், நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தத் தவிப்பு முழுக்க உண்மை. ஆனால் வரிசையிலும் வாட்ஸ்அப்பிலும் இருந்த கோரிக்கைகளைக் கூட்டினால் வருவது நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. பிறகு அரசு, உறவினர்கள் வந்து நிற்கவேண்டாம், தனியார் மருத்துவமனைகளே இணையதளத்தில் நோயாளி விவரத்தோடு கேட்கவேண்டும் என்று முறையை மாற்றியது. கூட்டம் குறைந்ததோடு, ஒரு நோயாளிக்கு ஒரு கோரிக்கை என்ற கணக்குக்கும் அதுதான் வழி.

ஸ்டாக்கிஸ்டும் அதையேதான் செய்யவேண்டும். ஒரு கடைக்கு, ஒரு பொருளுக்கு, ஒரு நேரத்தில் ஒரே நிலுவை. புதன்கிழமை மறுபடி 60 கேட்டால் அது திங்கட்கிழமைக் கோரிக்கையின் மேல் எழுதப்படவேண்டும், கீழே கூட்டப்படக்கூடாது. முதலில் கேட்ட தேதி அழியக்கூடாது. பங்கு பிரிக்கும்போது, இந்த வாரம் எவ்வளவு கேட்டார் என்பதை வைத்துப் பிரிக்காமல், தட்டுப்பாட்டுக்கு முன் மூன்று மாதத்தில் அந்தக் கடை எவ்வளவு வாங்கியது என்பதை வைத்துப் பிரித்தால், ஊதி எழுதுவதில் யாருக்கும் லாபம் இருக்காது. இது ஒன்றைச் செய்தாலே ஆர்டர் புத்தகம் பாதி யோக்கியமாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

உண்மையிலேயே போகாத சரக்கு

எல்லாச் சரிவுக்கும் சரக்கில்லாததைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. போகாத சரக்கு என்று ஒன்று உண்டு. கடைக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் கிளினிக்கை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், அல்லது வேறு பிராண்டு எழுதத் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறியச் சரக்கு இருந்த நாட்களை மட்டும் எடுத்து, சென்ற ஆண்டின் அதே நாட்களோடு ஒப்பிடவேண்டும். அலமாரி நிறைந்திருந்தும் முதல் பத்து நாளில் 90 போன இடத்தில் 40 போகிறது என்றால், தேவையே விழுந்துவிட்டது. வேறு சமாதானம் தேடவேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காலாவதிக்கு நிறைய நாள் இருக்கும் சரக்காகப் பார்த்து, மூன்று மாதம் இருப்பு ஒருநாளும் தீராதபடி வாங்கி வைத்துப் பார்க்கவேண்டும். முதல் மாதத்தை நம்பக்கூடாது. விட்டுப்போன வாடிக்கையாளருக்கு இங்கே சரக்கு வந்துவிட்டது என்று தெரியவே ஒரு மாதம் ஆகும், ஏனென்றால் அவர் அடுத்த மாதம்தான் மறுபடி மாத்திரை வாங்குவார். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் எண் ஏறினால், முன்பு விழுந்தது சரக்கில்லாததால். ஏறாவிட்டால், தேவை போய்விட்டது. அது முதலிலிருந்தே போனதா, அடிக்கடி "இல்லை" என்று சொல்லிச் சொல்லி நாமே துரத்தினோமா என்பது வேறு விஷயம். "அந்த மாத்திரை எங்கேயும் கிடைக்கலை டாக்டர்" என்று நான்கு நோயாளிகள் வந்து சொன்னால், ஐந்தாவது சீட்டில் டாக்டர் அந்தப் பிராண்டை எழுதமாட்டார். சரக்கில்லாமை நாளடைவில் தேவையில்லாமையாகவே மாறிவிடும்.

இத்தனை கணக்கும் ஊகம்தான். நேரடியாகத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி மருந்துக்கடைகளில் இருக்கிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் ஷார்ட் புக். தீர்ந்த மருந்தையும், கேட்டு இல்லாமல் போன மருந்தையும் அதில் கிறுக்கிவைப்பார்கள். பெரும்பாலும் பெயர் மட்டும் இருக்கும், மாலையில் ஆர்டர் போட்டதும் அடித்துவிடுவார்கள். அதில் பெயரோடு எத்தனை அட்டை கேட்டார்கள், எந்தத் தேதி என்ற இரண்டையும் சேர்த்து எழுதி, மாதக் கடைசியில் விற்பனையோடு கூட்டிப் பார்த்தால், மேலே நாம் சுற்றி வளைத்துக் கண்டுபிடித்த 180 நேராகவே வந்து நிற்கும். ஒரே ஆள் இரண்டு தடவை கேட்டால் ஒரு தடவைதான் எழுதவேண்டும், அவ்வளவே.

வாங்குபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் மாத்திரை இல்லை என்றால் தலையாட்டிவிட்டு இறங்கிப் போகாதீர்கள். பெயர், மில்லிகிராம், எத்தனை அட்டை என்று சொல்லி எழுதவைத்துவிட்டுப் போங்கள். நான்கு கடைகளில் சொல்லிவைத்து ஒன்றில் வாங்கிவிட்டால், மற்ற மூன்று கடைகளுக்கும் ஒரு போன் போட்டு, "வேண்டாம், கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிடுங்கள்.